நம்பிக்கைக்கு அளவுகோல் யாது?

சுங்கப் பகுதியின் கண்ணுக்கு வணிகர் அனைவரும் ஐயத்திற்குரியவரே என்பது பழைய சட்டத்தின் போக்கு. எமது நாட்டின் சுங்கக் கட்டளைச் சட்டம் 1869ஆம் ஆண்டில் 17ஆம் இலக்கச் சட்டமாகப் பிறந்தது. பலமுறை திருத்தப்பட்ட போதிலும் அதன் உள்ளம் பெரிதும் மாறவில்லை. பெட்டியைத் திற, எண்ணிப் பார், பின்னரே போகவிடு என்பதே அவ்வுள்ளம். ஆனால் உலகின் சுங்க நிர்வாகங்கள் இற்றைக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு வழியைத் தெரிந்துகொண்டன. வருகின்ற பொருள் ஒவ்வொன்றையும் சோதிப்பதை விட்டு, அதை அனுப்புகின்ற மனிதரை முன்கூட்டியே ஆராய்ந்து, நம்பத்தக்கவர் எனக் கண்டால் அவருடைய பொருளை விரைந்து விடுவிப்பதே அவ்வழி. 2005ஆம் ஆண்டில் உலகச் சுங்க அமைப்பு வகுத்த பாதுகாப்புக் கட்டமைப்பு அதற்குப் பொது உருவம் கொடுத்தது. இவ்வாறு ஏற்கப்பட்டவரை ஏ.ஈ.ஓ. என மூன்றெழுத்தில் அழைப்பர். நாம் அவரை அங்கீகாரம் பெற்ற வணிகர் என்போம்.

கொள்கையிற் குற்றமில்லை. ஆனால் நம்பிக்கை என்பது அரசாங்கத்தின் கையில் ஓர் உரிமைப்பத்திரமாக மாறும்போது, அதை அளக்கும் கோல் யாது, அக்கோல் யாருடைய உயரத்திற்கு ஏற்ப வெட்டப்பட்டது என்று கேட்பது எமது கடமையாகும். பல கப்பல்களில் சரக்கு அனுப்பும் பெருநிறுவனத்திற்கு அது எட்டும். ஆண்டுக்குப் பத்துத் தடவை அனுப்பும் சிறு ஏற்றுமதியாளனுக்கும், அவனுக்கு விளைபொருள் கொடுக்கும் கமக்காரனுக்கும் எட்டுமா என்பதே கேள்வி.

முதலிற் சட்டத்தைப் பார்ப்போம். உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கை 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய ஆண்டின் மே மாதத்திலேயே இலங்கை அதனை ஏற்று உறுதிசெய்துவிட்டது. அவ்வுடன்படிக்கையின் 7ஆம் உறுப்புரையின் 7ஆம் பந்தி இவ்விடயத்தைப் பற்றியது. வணிகரிடம் எதிர்பார்க்கக்கூடிய தகைமைகளாக அது நான்கைச் சொல்கின்றது. சுங்கச் சட்டத்தையும் அதனோடு தொடர்புடைய சட்டங்களையும் மதித்து நடந்த வரலாறு ஒன்று. உட்கட்டுப்பாட்டிற்கு இடந்தரும் கணக்கேடுகள் இரண்டு. கடன் தீர்க்கும் வல்லமை மூன்று. பொருள் செல்லும் வழியின் பாதுகாப்பு நான்கு. இத்தகைமைகள் பகிரங்கப்படுத்தப்படல் வேண்டும் என்றும், சமநிலையிலுள்ள வணிகரிடையே காரணமின்றிப் பாகுபாடு காட்டலாகாது என்றும், இயலுமான அளவிற்குச் சிறிய, நடுத்தர நிறுவனங்களின் பங்கேற்பைத் தடுக்கலாகாது என்றும் அதே பந்தி கட்டளையிடுகின்றது.

‘இயலுமான அளவிற்கு’ என்ற சொற்றொடரை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சட்டம் படித்தவர் எவரும் அறிவர்: இத்தகைய சொல் ஒரு கதவு. மனமுள்ள அரசு அதனைத் திறக்கும். மனமில்லாத அரசு அதன் பின்னால் ஒளித்துக்கொள்ளும்.

இன்னொரு கதவும் உண்டு. அங்கீகாரம் பெற்றவருக்குக் கொடுக்க வேண்டிய சலுகைகளாக ஏழு அங்கே எண்ணப்பட்டுள்ளன. குறைந்த பத்திரங்கள், குறைந்த சோதனை, விரைந்த விடுவிப்பு, தீர்வையைப் பிந்திக் கட்டுதல், குறைந்த அல்லது ஒருமித்த உத்தரவாதம், குறிப்பிட்ட காலத்திற்கு ஒரே சுங்கப் பிரகடனம், வணிகரின் சொந்த இடத்திலேயே பொருளை விடுவித்தல் என்பனவே அவை. இவ்வேழில் மூன்றைக் கொடுத்தாற் போதும் என்கிறது உடன்படிக்கை. எல்லா வணிகருக்கும் பொதுவாகக் கிடைக்கும் சலுகையையுங்கூட இம்மூன்றில் ஒன்றாகக் கணக்கிடலாம் என்று அடிக்குறிப்பு ஒன்றும் உண்டு. தீர்வையைப் பிந்திக் கட்டுதல் பெரும்பாலும் இறக்குமதியாளனுக்கே பயன்படுவது. ஆகவே ஏற்றுமதியாளனுக்கு ஏதொன்றும் புதிதாகக் கொடாமலே உடன்படிக்கையை நிறைவேற்றிவிட்டதாக ஓர் அரசு சொல்லிவிட முடியும். திட்டம் உண்டா என்று கேட்பது போதாது. அதன் உள்ளே ஏற்றுமதியாளனுக்கு என்ன உண்டு என்றே கேட்க வேண்டும்.

இவை ஏட்டில் உள்ளவை. நடைமுறையில் இவை எவ்வாறு இயங்குகின்றன என்பதை அறிய அண்டை நாடான இந்தியாவைப் பார்ப்போம். அங்கே 2016ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வெளியான 33ஆம் இலக்கச் சுற்றறிக்கை ஏற்றுமதி இறக்குமதியாளருக்கு மூன்று படிகளை வகுத்தது. முதற்படிக்கு விண்ணப்பிப்பவர் முந்திய நிதியாண்டில் ஆகக் குறைந்தது 25 சுங்கப் பத்திரங்களையேனும் கையாண்டிருக்க வேண்டும்; மூன்றாண்டு வணிக வரலாறும் வேண்டும். சிறியவர்களுக்கு இது எட்டாத உயரம் என்பது விரைவிற் புலனாயிற்று. 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் 54ஆம் இலக்கச் சுற்றறிக்கை அவர்களுக்கெனக் கோலைத் தாழ்த்தியது. 25 பத்திரம் 10 ஆயிற்று. மூன்றாண்டு இரண்டாண்டு ஆயிற்று. உடன்படிக்கையின் ‘இயலுமான அளவு’ இங்கே எண்ணாக மாறியது. இதுவே நாம் கவனிக்க வேண்டிய பாடம்.

ஆனால் அவ்வெண்ணோடு ஒரு நிபந்தனையும் ஒட்டியுள்ளது. அந்தப் பத்துப் பத்திரங்களில், அரையாண்டு ஒவ்வொன்றிலும் ஐந்தேனும் இருக்க வேண்டும். இதன் விளைவை ஓர் உதாரணத்தால் விளக்குவோம்.

தேனிப் பகுதியில் முருங்கையிலையை உலர்த்தித் தூளாக்கி, தூத்துக்குடித் துறைமுகம் வழியே அனுப்பும் ஒரு சிறு ஏற்றுமதியாளரை எண்ணிக்கொள்வோம். நிதியாண்டு அங்கே ஏப்பிரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். அவர் அவ்வாண்டில் 11 தடவை பொருள் அனுப்பினார். தடவைக்கு ஒரு பத்திரம். செப்டெம்பருக்கு முன்னர் 8, அதன் பின்னர் 3. பதினொன்று பத்தினும் மேலானதே. ஆயினும் பின்னரையாண்டில் ஐந்து இல்லாமையால் அவர் விண்ணப்பம் நில்லாது. அதே 11 தடவையை 6 உம் 5 உமாகப் பிரித்து அனுப்பியிருந்தால் நின்றிருக்கும். உலர்ந்த தூளைக் களஞ்சியத்தில் வைத்துப் பின்னர் அனுப்பலாம். ஆதலால் அவர் அடுத்த ஆண்டைத் திட்டமிட்டுக்கொள்ள முடியும். ஆனால் மாம்பழம் அனுப்புபவர் என் செய்வார்? அவருடைய பருவம் அரையாண்டு ஒன்றுக்குள்ளேயே முடிந்துவிடும். தொழிற்சாலையின் நாட்காட்டியை மனத்திற் கொண்டு வகுத்த விதி, மரத்தின் நாட்காட்டியை மறந்துவிட்டது.

இதனோடு இன்னொன்று. பத்திரம் யாருடைய பெயரில் இருக்கின்றது என்பதே எல்லாவற்றிற்கும் அடிப்படை. நம் தேனிக்காரர் தம் தூளைத் துறைமுகப் பட்டினத்து வணிகர் ஒருவரிடம் கொடுத்து, அவர் தம் பெயரில் ஏற்றுமதிப் பத்திரம் தாக்கல் செய்வாராயின், நன்னடத்தை வரலாறு அந்த வணிகருக்கே சேரும். பொருளை விளைவித்து, உலர்த்தி, பொதிசெய்தவர் பத்தாண்டு உழைத்தாலும் சுங்கத்தின் ஏட்டில் அவர் பிறக்கவேயில்லை. இந்நிலை எமது நாட்டுக் கமக்காரருக்குப் புதியதன்று என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணிக்கை கடந்தபின் ஏடுகளின் பரீட்சை வருகின்றது. பலர் தவறி விழுமிடம் இதுவே. கள்ளக்கடத்தல், போலிப் பத்திரம், வரி மோசடி ஆகிய குற்றச்சாட்டு இல்லாமை முதலில் நோக்கப்படும். அதைப் பெரும்பாலான நேர்மையாளர் எளிதிற் கடப்பர். ஆனால் நேர்மை வேறு, நேர்மையைக் காட்டும் ஏடு வேறு. கணக்குச் சோதிப்பவர் செய்வது எளிய காரியம்: ஏதேனும் ஒரு விற்பனைச் சிட்டையை எடுப்பார். அதற்குரிய பணம் வங்கிக்கு வந்ததா என்று முன்னோக்கிப் போவார். பின்னர் ஏற்றுமதிப் பத்திரம், பொதிப் பட்டியல், அனுப்பீட்டு ஏடு, இருப்பு ஏடு, கொள்வனவு ஏடு என்று பின்னோக்கிப் போவார். சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்ததோ அங்கே நிற்பார்.

நம் உதாரணக்காரர் 25 கிலோ கொண்ட 200 பைகளை அனுப்பினார் என்போம். பொதிப் பட்டியலில் 5,000 கிலோ; ஏற்றுமதிப் பத்திரத்திலும் 5,000 கிலோ. ஆனால் இருப்பு ஏட்டில் அன்று கழிக்கப்பட்டது 5,050 கிலோ. இரண்டு பைகள் எங்கே? உண்மையில் அவை மாதிரி பார்ப்பதற்காகப் பிரிக்கப்பட்டவை, களவு எதுவுமில்லை. அன்றே ‘மாதிரிக்காக இரண்டு பை’ என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டிருந்தால் சோதனை அங்கே முடிந்திருக்கும். எழுதாமையால், ஓராண்டின் பின்னர் எவருக்கும் நினைவில்லாத அந்த 50 கிலோ, உட்கட்டுப்பாடு இல்லை என்பதற்குச் சான்றாகி விடுகின்றது. பிழை நேர்வது தகுதியை அழிப்பதில்லை. பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திய தடயம் இல்லாமையே அழிக்கின்றது.

மேற்படிகளுக்குச் செல்ல விரும்புவோர் பொருளின் காவலையும் காட்ட வேண்டும். கொள்கலனிற் பொருள் ஏற்றுமுன் அதன் முன்சுவர், இரு பக்கங்கள், தளம், கூரை, கதவுகளின் உள்ளும் புறமும், அடிப்புறம் என்னும் ஏழு இடங்களையும் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். கள்ள அறை இருந்தால் உட்புற நீளத்தை அளக்கும்போது அது குறைந்து காட்டும். ஏற்றியபின் உயர்பாதுகாப்பு முத்திரைப் பூட்டைப் போட்டு, அதன் இலக்கத்தை எழுதி, இழுத்தும் முறுக்கியும் பார்க்க வேண்டும். துறைமுக வாயிலில் அதே இலக்கம் இருக்கின்றதா என்று ஒப்பிட வேண்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. பூட்டிய களஞ்சியம், உள்ளே வருவோர் பெயர் எழுதும் ஏடு, பொறுப்பான ஒருவர் ஆகியவை இருந்தாற் சிறு நிறுவனமும் செய்யக்கூடியதே.

இத்தனையும் செய்தவர் பெறுவது என்ன? இந்தியத் திட்டத்தில் முதற்படியிலேயே சோதனையின் வீதம் குறைகின்றது. உற்பத்தியாளர் தம் தொழிற்சாலையில் நிரப்பிய கொள்கலன், இடையிலுள்ள சரக்கு நிலையத்திற் காத்துக்கிடவாமல் நேரே துறைமுகத்துள் செல்லலாம். வங்கி உத்தரவாதமும் குறைகின்றது. ஏற்றுமதி செய்வதாக வாக்களித்து இயந்திரத்தையோ பொதிப்பொருளையோ தீர்வையின்றி இறக்குமதி செய்யும்போது கேட்கப்படும் உத்தரவாதம் 4 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். முதற்படியிலுள்ள ஏனையோருக்கு அது பாதியாகி 2 இலட்சம் ஆகும். சிறு நிறுவனத்திற்குக் காற்பங்காகி 1 இலட்சம். இரண்டாம் படியில் ஏனையோருக்கு 1 இலட்சம். சிறு நிறுவனத்திற்குப் பத்திலொன்றாகி 40,000. வங்கியில் முடங்கிக்கிடக்கும் பணம் கொள்வனவுக்குத் திரும்புமாயின், அறுவடைக் காலத்திற் கமக்காரனுக்கு உடன் காசு கொடுக்க அது உதவும். சலுகை கமக்காரன் வரையில் இறங்கும் வழி இதுவொன்றே.

ஆனால் சலுகைப் பட்டியலை வாசிப்போர் தம் வணிகத்தின் அளவையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். நேரே துறைமுகத்துள் செல்லும் உரிமை, தொழிற்சாலையில் நிரப்பப்பட்ட முழுக் கொள்கலனுக்கே உரியது. நம் உதாரணக்காரரின் 5,000 கிலோ 20 அடிக் கொள்கலனை நிரப்பாது. அவர் பொருள் வேறொருவர் பொருளோடு சேர்க்கப்படுவதற்காகச் சரக்கு நிலையத்திற்கே போக வேண்டும். அந்த உரிமை அவருக்குச் சட்டைப்பையிலுள்ள செல்லாக் காசே. அயலிலுள்ள இருவர் மூவர் ஒரே நிறுவனமாகவோ கூட்டுறவுச் சங்கமாகவோ இணைந்து, ஒரே பெயரில் அனுப்பினால் கொள்கலனும் நிறையும், பத்திர எண்ணிக்கையும் நிறையும்.

இனி எல்லைகளைச் சொல்வோம். இவை மறைக்கப்படுவதாலேயே ஏமாற்றம் நேர்கின்றது.

அங்கீகாரம் சுங்கத்தினது. தாவரத் தொற்றுத்தடைப் பகுதிக்கோ உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கோ அது கட்டளையிடாது. ஐரோப்பாவின் 2019ஆம் ஆண்டு 1793ஆம் இலக்க ஒழுங்குவிதி, சில நாடுகளின் சில விளைபொருட்களைப் பெயர்குறித்து, எல்லையில் கூடுதலாகச் சோதிக்கச் சொல்கின்றது. இந்திய முருங்கைக்காயும் எமது வல்லாரையும் பூச்சிமருந்து எச்சத்தின் பொருட்டு அப்பட்டியலில் இடம்பெற்றதுண்டு. பட்டியலிலுள்ள பொருளை அனுப்புபவர் எத்தனை நம்பிக்கைப் பத்திரம் வைத்திருந்தாலும் அச்சோதனையைத் தவிர்க்க முடியாது. கமக்காரன் தெளித்த மருந்தின் குறிப்பேடே அங்கே பேசும்.

அடுத்தது, ஒரு நாட்டின் நம்பிக்கை தானாகவே மறுநாட்டிற் செல்லுபடியாவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அங்கீகாரத்தைப் பெற, பொதுவிதியின்படி அதன் சுங்க எல்லைக்குள்ளே நிலைபெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும். வெளியே இருப்பவருக்குள்ள வழி, அவருடைய அரசும் அந்த அரசும் பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் செய்துகொள்வதே. இந்தியா 2021ஆம் ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்காவுடன் அத்தகைய ஒப்பந்தம் செய்தது. எனினும் அதன் திட்டத்தில் அயல்நாட்டுச் சலுகை இரண்டாம் படியிலிருந்தே தொடங்குகின்றது. பொருளின் காவல் நேரிற் சோதிக்கப்படாத முதற்படிக்கு அது இல்லை. கடல் கடந்த துறைமுகத்திலும் விரைவை எதிர்பார்த்து முதற்படியோடு நிற்பவர் பாதி வழியில் நிற்பவரே.

மூன்றாவது, பெற்றது என்றென்றைக்கும் உரியதன்று. பங்காளி மாறினாலும், களஞ்சியம் இடம் மாறினாலும் அறிவிக்க வேண்டும். அறிவியாமல் விட்டால் அங்கீகாரம் இடைநிறுத்தப்படலாம். இல்லாதவரைவிட, பெற்று இழந்தவரே அதிகாரியின் கண்ணுக்கு அதிகம் ஐயத்திற்குரியவராவார்.

இவற்றையெல்லாம் நோக்கும்போது எமது சுங்கத் திணைக்களத்திடம் நாம் கேட்க வேண்டியவை தெளிவாகின்றன. நாம் கேட்பது தயவன்று. எமது அரசு ஒப்பமிட்ட உடன்படிக்கையின் பயனே.

தகைமைகள் எண்ணும் எழுத்துமாக, தமிழிலும், எவரும் பார்க்கக்கூடியவாறு வெளியிடப்படல் வேண்டும். ‘திருப்திகரமான வரலாறு’ என்பது போன்ற சொல்லுக்குள் அதிகாரியின் விருப்பம் ஒளிந்திருக்க இடமளித்தலாகாது. சிறு ஏற்றுமதியாளருக்குரிய பத்திர எண்ணிக்கை தனியாக வகுக்கப்படல் வேண்டும். அதிற் பருவகால விளைபொருளுக்கு அரையாண்டுக் கணக்கு வேண்டாம், முழு ஆண்டுக் கணக்கே போதும். கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் அனுப்பப்படும் பொருளுக்குச் சங்கத்தின் வரலாறே வரலாறாகக் கொள்ளப்படல் வேண்டும். மறுக்கப்பட்டவருக்குக் காரணம் எழுத்திற் கொடுக்கப்படல் வேண்டும். சுங்கத்தின் தீர்மானத்திற்குக் காரணம் கூறுதலும், மேன்முறையீட்டு வழி இருத்தலும் அவ்வுடன்படிக்கையின் 4ஆம் உறுப்புரையிலேயே உள்ள கட்டளைகள்.

வாசகர்களிடம் நாம் சொல்வதும் ஒன்றுண்டு. சட்டம் திருந்தும்வரை ஏடு காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாண்டு, மூன்றாண்டு வரலாறு கேட்கும் திட்டத்திற்கு முன்தேதியிட்டு வரலாறு படைக்க எவராலும் இயலாது. ஆகவே ஏற்றுமதியில் இறங்கியோர் தம் பெயரிலோ தம் சங்கத்தின் பெயரிலோ பத்திரம் தாக்கல் செய்யத் தொடங்கட்டும். களஞ்சியத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொரு பையும் அன்றே ஏட்டில் ஏறட்டும். மருந்து தெளித்த நாளையும் அளவையும் கமக்காரர் எழுதி வைக்கட்டும். கணக்காளரும் வழக்கறிஞருமான எம்மவர், வருட முடிவில் வரிக்கணக்கு எழுதுவதோடு நில்லாது, ஒரு சிட்டையை எடுத்து அதன் சங்கிலியை முன்னும் பின்னும் சோதித்துக் காட்டும் பணியைத் தத்தம் ஊர்ச் சங்கங்களுக்குச் செய்து கொடுக்கட்டும். அரை நாள் வேலை அது. அங்கீகாரம் நாளை வந்தாலும், பிந்தி வந்தாலும், அறுந்த கண்ணி எதுவென்று இன்றே தெரிந்துவிடும்.